ஃப்ரீசரிலிருந்து நேராகக் கல்லுக்கு: பரோட்டாவுக்கு மிதமான தீ, காய்க்கு முழுத் தீ

"அக்கா, பெரம்பூரில் நானும் என் தம்பியும் மட்டும் தங்கியிருக்கோம். ஃப்ரோசன் பரோட்டாவைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து நேராக தோசைக்கல்லில் போட்டா வெளியே கருகுது, நடுவில் மாவு பச்சையாவே இருக்கு. ஃப்ரோசன் காயை அதே கல்லில் போட்டா தண்ணி விட்டுக் கொழகொழன்னு ஆயிடுது. ரெண்டையும் முதல்ல வெளியே வச்சு உருக விடணுமா? எவ்வளவு தீ, எவ்வளவு நேரம்?"

உருக விடவே வேண்டாம், தம்பி. இரண்டும் ஃப்ரீசரிலிருந்து நேராகக் கல்லுக்குப் போகவேண்டியவைதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே தீ ஒத்துவராது. பரோட்டாவுக்கு மிதமான தீ, ஒன்றுக்கு நான்கு நிமிடம். காய்க்கு நன்றாகக் காய்ந்த கல், முழுத் தீ, ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி அளவு, மூன்று நான்கு நிமிடம். பெரும்பாலானவர்கள் இதை மாற்றிச் செய்கிறார்கள். கட்டியாக இருக்கிறதே என்று பரோட்டாவுக்குத் தீயை ஏற்றுகிறார்கள், காய் மெதுவாக வேகட்டும் என்று தீயைக் குறைக்கிறார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் போலிருக்கிறது. தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறேன். ராத்திரி கடை மூடும் நேரத்தில் வருகிறவர்களுக்கு நானும் ஃப்ரீசரைத்தான் திறக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று எண்களை நினைவுபடுத்திக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகித் தண்ணீராக 80 கலோரி வேண்டும். அந்தத் தண்ணீர் 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போக 100 கலோரி. அதே தண்ணீர் ஆவியாகிப் போக ஏறத்தாழ 540 கலோரி. (உணவுப் பாக்கெட்டின் பின்னால் போடுகிற கலோரி வேறு, அது இதைப்போல ஆயிரம் மடங்கு.) ஆக, உறைந்த பொருளை உருக்குவது பெரிய வேலையே இல்லை. உருகிய தண்ணீரை விரட்டுவதுதான் பெரிய வேலை. பரோட்டாவில் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், அதிலும் பெரும்பகுதி உள்ளேயே இருந்தால்தான் பரோட்டா மென்மையாக வரும். காயில் பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு தண்ணீர். வதக்கின காய் வேண்டுமென்றால் அதில் ஒரு பகுதியாவது போயாக வேண்டும். கல் ஒன்றுதான், ஆனால் அது செய்ய வேண்டிய வேலை இரண்டு.

முதலில் பரோட்டா. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைப்பதில் இரண்டு வகை உண்டு. அடுக்கடுக்காக இருக்கும் மலபார் பரோட்டா பெரும்பாலும் பச்சை மாவாகவே உறைய வைக்கப்பட்டது. வெள்ளையாக, எங்கும் ஒரு பொட்டுகூட இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து வரும். உருளைக்கிழங்கோ கோபியோ உள்ளே வைத்த வட இந்திய வகை பல நேரம் பாதி சுட்ட பிறகு உறைய வைக்கப்பட்டிருக்கும், மேலே லேசான பழுப்புப் பொட்டுகள் தெரியும். உங்களுடையது 'நடுவில் மாவு பச்சை' என்பதால் முதல் வகை என்றே எடுத்துக்கொள்கிறேன். பச்சை மைதாவை அப்படியே சாப்பிடக்கூடாது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும் காரணமில்லை. மாவு கிருமி நீக்கிய பொருள் அல்ல, அதனால் நடுப்பகுதியும் முழுக்க வெந்தாக வேண்டும்.

வெளியே எடுத்து வைத்தால் என்ன ஆகும்? நம் ஊரில் இரவு பத்து மணிக்கும் 28, 30 டிகிரி இருக்கும், காற்றில் ஈரமும் அதிகம். மைனஸ் 18 டிகிரியில் இருந்த பரோட்டாவை மேடையில் வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே மேலே பனித்துளி படியும். அந்த ஈரத்தில் மைதா பசையாகிப் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது மேல் அடுக்கும் சேர்ந்து வரும். அதைவிடப் பெரிய கேடு உள்ளே நடக்கும். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் நடுவில் தடவிய கெட்டிக் கொழுப்பு. அது இளகி மாவுக்குள் ஊறிவிட்டால் அடுக்குகள் சேர்ந்துபோகும். அப்புறம் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் கிடைப்பது தடித்த சப்பாத்திதான். கட்டியாக இருக்கும்போதே சூடான கல்லில் போட்டால், கொழுப்பு உருகும் அதே நேரத்தில் மாவின் ஈரம் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கிவிடும். அடுக்கு பிரிந்து வருவது அப்படித்தான்.

சரி, அப்படியானால் ஏன் கருகுகிறது? பனிக்கட்டி முழுக்க உருகித் தீரும் வரை நடுப்பகுதி 0 டிகிரியைத் தாண்டாது. தீ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அப்படித்தான். மாவு வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். நீங்கள் தீயை ஏற்றும்போது கூடுதல் சூடு நடுவுக்குப் போகாமல் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்தோலிலேயே தேங்குகிறது. தோலில் ஈரம் போனவுடன் 140, 150 டிகிரியில் பொன்னிறமாகத் தொடங்கும், இன்னும் ஏறினால் கருப்பு. நடுவில் அப்போதுதான் பனி கரைந்துகொண்டிருக்கும். ஆக உங்கள் பரோட்டாவுக்குத் தேவை நேரம். அந்த நேரத்துக்குள் தோல் கருகாத அளவுக்குத் தீயை அடக்கி வைப்பதுதான் நம் வேலை.

கல்லின் சூட்டைப் பார்க்கத் தண்ணீர்த் துளி போதும். இரும்புக் கல்லை மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் காய விடுங்கள். விரலை நனைத்து ஒரு துளி உதறுங்கள். துளி விழுந்த இடத்திலேயே சுர்ரென்று பொங்கி இரண்டு விநாடிக்குள் காணாமல் போனால் பரோட்டாவுக்குச் சரியான சூடு. மெதுவாகக் கொதித்துக்கொண்டு அங்கேயே கிடந்தால் இன்னும் காயவில்லை. துளி உடையாமல் முத்துப்போல உருண்டு ஓடினால் கல் 200 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ போய்விட்டது என்று பொருள். துளிக்கும் கல்லுக்கும் நடுவில் ஆவிப் படலம் வந்துவிடுவதால்தான் அது உருளுகிறது. அந்தச் சூடு காய்க்கு நல்லது, பரோட்டாவுக்கு ஆகாது. தீயைக் குறைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். நான்ஸ்டிக் தவாவில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். அந்தப் பூச்சில் தண்ணீர் எப்போதுமே உருண்டுதான் நிற்கும். அதில் மிதமான தீயில் ஒன்றரை நிமிடம் காய வைத்தால் போதும்.

இப்போது ஒரு பரோட்டாவை அதன் நேரத்தோடு பார்ப்போம். ஐந்து பரோட்டா 400 கிராம் என்று வரும் பாக்கெட் என்றால் ஒன்று 80 கிராம். போடப்போகும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பாக்கெட்டை உடனே ஃப்ரீசருக்குள் வையுங்கள். இரண்டு பக்கத் தாளையும் உரித்துவிட்டு, எண்ணெய் இல்லாமல், காய்ந்த கல்லில் போடுங்கள். முதல் 40 விநாடி தொடவே வேண்டாம். அதற்குள் மேலே இருந்த வெண்பனிப் பூச்சு மறைந்து மாவு மங்கலாகி, ஓரம் தளரும். அப்போது திருப்புங்கள். அடிப்பக்கம் நிறம் மாறியிருக்கக்கூடாது, உலர்ந்திருந்தால் போதும். ஏற்கெனவே பழுப்பாகியிருந்தால் தீ அதிகம், உடனே குறைத்துவிடுங்கள். மறுபக்கமும் 40, 45 விநாடி. இந்த இரண்டு சீக்கிரத் திருப்பல்களும் முக்கியமானவை. நடுவில் இருக்கும் உறைந்த படலம் இரண்டு பக்கமிருந்தும் கரைந்துகொண்டு வரும். ஒரே பக்கத்தில் இரண்டு நிமிடம் விட்டால் அந்தப் பக்கம் கருகும், அடுத்த பக்கம் பச்சையாகவே இருக்கும்.

ஒன்றரை நிமிடம் ஆனதும் பரோட்டா வளையும் அளவுக்கு வந்துவிடும். எண்ணெய் இப்போதுதான். ஓரத்தைச் சுற்றி அரை டீஸ்பூன் விட்டால் போதும், உள்ளேயிருந்தே கொழுப்பு வழியும். முதலிலேயே எண்ணெய் விட்டால் பனி உருகி வரும் ஈரமும் எண்ணெயும் சேர்ந்து தெறிக்கும், மேல்தோலும் உள்ளே வேகுமுன் சிவந்துவிடும். பிறகு ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம், மறுபக்கத்துக்கு ஒரு நிமிடம். தோசைத் திருப்பியால் ஓரங்களை மட்டும் லேசாக அழுத்துங்கள். சுருட்டிய மாவு ஓரத்தில் தடித்திருக்கும், கல்லில் சரியாக உட்காராது. நடுவை அமுக்கினால் அடுக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும் ஆவி வெளியே போய்விடும். கடைசி அரை நிமிடம் எந்தப் பக்கம் வெளிறியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு. மொத்தம் நான்கு நிமிடம். கல் மெல்லியதாக இருந்தால் தீயை இன்னும் கொஞ்சம் தணித்து ஐந்து நிமிடம் ஆகட்டும்.

வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுருளின் மையத்தில் திருப்பியின் முனையால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள் அடுக்கு வெள்ளையாக, உலர்ந்து, நூல் நூலாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. கண்ணாடி மாதிரிப் பளபளப்பாகவோ சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாகவோ இருந்தால் இன்னும் ஒரு நிமிடம், சிம்மில். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: நடுவில் 90 டிகிரியைத் தாண்டினால் சரி. இறக்கியவுடன், கை பொறுக்கும் சூட்டில், ஒரு துணியை வைத்து ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி இரண்டு தட்டுத் தட்டுங்கள். நம் பக்கத்துப் பரோட்டாக் கடைகளில் மாஸ்டர்கள் ஐந்தாறை ஒன்றாக அடுக்கி இரண்டு கையாலும் அடிக்கிறார்களே, அதே வேலைதான். சூடு ஆறிய பிறகு தட்டினால் அடுக்கு பிரியாது, உடைந்துதான் போகும்.

இரண்டாவது பரோட்டாவைப் போடும் முன் அரை நிமிடம் கல்லைச் சும்மா விடுங்கள். உறைந்த பொருள் ஒன்று உட்கார்ந்து எழுந்த இடத்தில் கல் குளிர்ந்திருக்கும். கடைகளில் இந்தப் பிரச்சினை வராததற்குக் காரணம் அவர்களுடைய கல்லின் கனம். வீட்டுக் கல்லில் அதைப் பொறுமையால்தான் ஈடுகட்ட வேண்டும். புதிதாகக் கல் வாங்குவதாக இருந்தால் பாரிமுனைப் பக்கப் பாத்திரக் கடைகளில் எடை போட்டுத் தரும் இரும்புக் கல்லாகப் பார்த்து, கையில் கனமாகத் தெரிவதை வாங்குங்கள்.

உருளைக்கிழங்கு வைத்த வகையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். தடிமன் இரண்டு மடங்கானால் சூடு நடுவுக்குப் போய்ச்சேரும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். உருளைக்கிழங்கில் தண்ணீரும் அதிகம், அதனால் பனியும் அதிகம். எனவே அதற்குச் சிம்முக்குச் சற்று மேலான தீ, முதல் இரண்டு நிமிடம் மூடி போட்டு, பிறகு மூடியை எடுத்துவிட்டு, மொத்தம் ஏழு எட்டு நிமிடம். மாவு ஏற்கெனவே பாதி வெந்ததுதான். சரிபார்க்க வேண்டியது உள்ளே மசாலா நடுவரை சுடுகிறதா என்பதை. கையில் பிய்த்தால் நடுவிலிருந்து ஆவி வரவேண்டும்.

இனி காய். இங்கேதான் நிறையப் பேர் ஃப்ரோசன் காயையே வெறுத்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பட்டாணி, கேரட், பீன்ஸ், ஸ்வீட் கார்ன் கலவை உறைய வைக்கும் முன்பே ஆலையில் கொதிநீரிலோ ஆவியிலோ சிறிது நேரம் போட்டு எடுக்கப்பட்டது. நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் என்சைம்களை நிறுத்துவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதனால் காய் ஏற்கெனவே அரைப்பதம் வெந்தது. போதாததற்கு, உறையும்போது உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் காயின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். பச்சைக் காய் பிடித்து வைத்துக்கொள்ளும் தண்ணீரை இது பிடித்து வைக்காது, உருகியதும் விட்டுவிடும். ஆக ஃப்ரோசன் காயை 'வேக வைக்க' எதுவும் மிச்சமில்லை. உள்வரை சுட வேண்டும், வெளித் தண்ணீர் போகவேண்டும், அவ்வளவுதான். தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் வைத்தால் தன் தண்ணீரிலேயே மறுபடி வெந்து குழைந்துவிடும்.

ஏன் கல்லில் தண்ணீர் நிற்கிறது என்பதற்குக் கணக்கைப் போட்டே பார்க்கலாம். 200 கிராம் காயை ஒரே தடவை கொட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் தண்ணீர் ஏறத்தாழ 165 கிராம். அது உருக 13,000 கலோரி, கொதிநிலைக்குப் போக 16,500, அதில் ஒரு 30 கிராம் ஆவியாகப் போகவேண்டும் என்றால் இன்னொரு 16,000. மொத்தம் 45,000-க்கு மேல். ஒன்றரைக் கிலோ இரும்புக் கல் 200 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு இறங்கினால் அது கொடுப்பது ஏறத்தாழ 16,000 கலோரிதான். அதாவது காயை உருக்கி, பாதி சுட வைப்பதற்குள் கல்லின் இருப்பு தீர்ந்துபோகிறது. அப்புறம் அடுப்பு கொடுப்பதை நம்பித்தான் இருக்க வேண்டும். அதற்குள் தண்ணீர் தேங்கிவிடும், தண்ணீர் தேங்கிய கல் 100 டிகிரிக்கு மேல் ஏறாது, அந்தச் சூட்டில் எதுவும் வதங்காது. அளவைப் பாதியாக்கினால் கணக்கே மாறிவிடும். 100 கிராமுக்கு மொத்தத் தேவை 23,000 கலோரி அளவு. கல்லின் இருப்பே அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும், மிச்சத்தை முழுத் தீ ஈடுகட்டும்.

ஆகவே செய்முறை இப்படி. காயைக் கழுவாதீர்கள், தண்ணீரைப் போக்கத்தானே பாடுபடுகிறோம். ஓட்டை வடிதட்டில் போட்டு இரண்டு தடவை உதறினால் தூளாக ஒட்டியிருக்கும் பனி கீழே விழுந்துவிடும். சில பாக்கெட்டுகளில் அந்தத் தூளே ஒரு ஸ்பூன் தேறும். பெரிய பர்னரில் இரும்புக் கல்லை வைத்து, துளி உருண்டு ஓடும் வரை காய விடுங்கள். எண்ணெய் இல்லாமலேயே 100 கிராம் காயைப் போட்டு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். உள்ளங்கையில் குவித்தால் ஏறக்குறைய ஒரு கைப்பிடி வரும். ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. உறைந்த காயை எண்ணெய் காயும் கல்லில் போட்டால் முகத்தில் தெறிக்கும். அதனால் மேலே இருக்கும் பனி முதலில் வெறும் கல்லில் ஆவியாகிப் போகட்டும்.

அப்புறம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். காய் விழுந்தவுடன் சடசடவென்று வறள்கிற சத்தம் வரவேண்டும். அந்தச் சத்தம் களகளவென்று கொதிக்கிற சத்தமாக மாறினால் அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். உடனே காயைக் கல்லின் ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவைத் திறந்து விடுங்கள். தண்ணீர் அங்கே ஓடிவந்து கொதித்துத் தீரும். தீரும் வரை கிளறாதீர்கள். அடுத்த தடவைக்கு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நிமிடம் அசைக்காமல் விட்டு, ஒரு டீஸ்பூன் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ சுற்றி விட்டு, திருப்பியால் புரட்டுங்கள். பிறகு இருபது விநாடிக்கு ஒரு தடவை புரட்டினால் போதும். ஓயாமல் கிளறினால் பட்டாணியின் தோல் கழன்றுவிடும், எந்தத் துண்டும் கல்லைத் தொட்டு நிற்க நேரமும் கிடைக்காது. மூன்று நிமிடத்தில் கார்ன், கேரட்டின் ஓரங்களில் பழுப்புப் பொட்டு வரும். அதுதான் பதம். உப்பும் மிளகும் இறக்கும்போதுதான். முதலிலேயே உப்புப் போட்டால் காய் இன்னும் தண்ணீர் விடும்.

முழுத் தீயும் காய்ந்த கல்லும் என்று நான் சொல்வது இரும்புக் கல்லுக்கு மட்டும். நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அந்த அளவுக்குக் காய வைக்கக்கூடாது. 260 டிகிரிக்கு மேல் போனால் பூச்சு சிதையத் தொடங்கும், வெறும் தவா முழுத் தீயில் அந்தச் சூட்டைச் சில நிமிடங்களிலேயே எட்டிவிடும். நான்ஸ்டிக்தான் இருக்கிறது என்றால் மிதத்துக்குச் சற்று மேலான தீயில் 60, 70 கிராமாகப் போட்டு எடுங்கள். நேரம் பிடிக்கும், பழுப்புப் பொட்டும் அவ்வளவாக வராது, ஆனால் தண்ணீர் நிற்காது.

பெரிய பூவாக வரும் காலிஃபிளவர், ப்ரோக்கோலி மட்டும் இந்தக் கணக்கில் வராது. தடிமன் அதிகம் என்பதால் வெளியே பழுப்பாகும்போது தண்டு இன்னும் பனியாக இருக்கும். அவற்றை முதலில் மூடி போட்டு மிதமான தீயில் மூன்று நிமிடம் அவற்றின் ஈரத்திலேயே சுட வைத்து, பிறகு மூடியை எடுத்து முழுத் தீயில் இரண்டு நிமிடம் வறட்டுங்கள். பசலைக்கீரைக் கட்டியைக் கல்லுக்கே கொண்டுவராதீர்கள், அது வாணலிச் சமாச்சாரம்.

அரைப்பதம் வெந்ததுதானே என்று பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே சாலட்டில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், முக்கியமாக ஸ்வீட் கார்னை. செய்யாதீர்கள். ஆலையில் கொதிநீரில் போட்டு எடுப்பது கிருமியைக் கொல்வதற்கு உத்தரவாதம் இல்லை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரீசர் குளிரில் சாகாது, சும்மா காத்திருக்கும். ஐரோப்பாவில் 2015 முதல் 2018 வரை ஐந்து நாடுகளில் 47 பேருக்கு அந்த நோய் வந்து 9 பேர் இறந்தார்கள். தேடிப் போனதில் ஹங்கேரியில் ஓர் ஆலையில் உறைய வைத்த ஸ்வீட் கார்னும் மற்ற காய்களும்தான் காரணம் என்று தெரிந்தது. உள்ளே 74 டிகிரி வரை சூடேறினால் அந்தப் பயம் இல்லை. கல்லில் ஒரு பட்டாணியை எடுத்து நசுக்கிப் பார்த்தால் உள்ளேயிருந்து ஆவி வரவேண்டும், நாக்கில் வைத்தால் சுட வேண்டும். அதுவே போதுமான சோதனை. வீட்டில் கர்ப்பிணிகளோ வயதானவர்களோ இருந்தால் இதில் சமரசமே வேண்டாம்.

இப்போது உங்கள் ராத்திரிச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர், நான்கு பரோட்டா, 200 கிராம் காய், ஒரே கல். எதை முதலில் செய்வது? காயைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். காய் பத்து நிமிடம் தட்டில் கிடந்தாலும் கெட்டுப்போகாது, பரோட்டா காத்திருந்தால் ஆவியில் தளர்ந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் பெரிய பர்னரில் கல் காயட்டும். அதற்குள் ஒரு பெரிய வெங்காயத்தையும் இரண்டு பச்சை மிளகாயையும் நறுக்கிவிடலாம். அரை வெங்காயத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், வேலை இருக்கிறது. முதல் 100 கிராம் நான்கு நிமிடம், அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். கிண்ணத்தில் குவித்து மூடினால் ஆவி உள்ளேயே தங்கி மறுபடி ஈரமாகிவிடும். கல்லை ஒரு நிமிடம் சும்மா காய விட்டு இரண்டாவது 100 கிராம். பிறகு அதே கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் வெங்காயம், மிளகாய், கொஞ்சம் மிளகாய்த் தூள், கரம் மசாலா வதக்கி, தட்டில் இருக்கும் காயை மொத்தமாகக் கொட்டி உப்புப் போட்டு ஒரு புரட்டு. இப்போது காயில் வெளித்தண்ணீர் இல்லாததால் 200 கிராமும் ஒன்றாகத் தாங்கும். இதுவரை பதினெட்டு, இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

தீயை மிதமாக்குங்கள். கல்லில் ஒட்டியிருக்கும் கேரட் துணுக்கும் மசாலாவும் சர்க்கரை கலந்தவை, அப்படியே விட்டால் அடுத்த பரோட்டாவின் அடியில் கரும்புள்ளியாக ஒட்டும். திருப்பியால் சுரண்டிவிட்டு, எடுத்து வைத்த அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெய் தொட்டுக் கல் முழுக்கத் தேயுங்கள். தோசைக்குச் செய்வோமே, அதேதான். கல் சுத்தமாகும், இரண்டு நிமிடத்தில் சூடும் இறங்கிவிடும். துளியை உதறிப் பார்த்து, உருளாமல் அதே இடத்தில் பொங்கி மறைந்தால் முதல் பரோட்டாவைப் போடலாம். ஒன்றுக்கு நான்கு நிமிடமும் நடுவில் அரை நிமிடமும் என்றால் நான்குக்கும் பதினெட்டு நிமிடம். இரண்டு ஆனதும் ஒருவர் உட்கார்ந்துவிடலாம். கல் அகலமாக இருக்கிறதே என்று இரண்டு பரோட்டாவை ஒன்றாகப் போட ஆசை வரும். அப்படிப் போட்டால் இரண்டும் கல்லின் ஓரத்துக்குப் போய்விடும், பர்னருக்கு நேர்மேலே இருக்கும் பாதி கருகி மறுபாதி வெளிறும். பரோட்டாவைக் கால்வட்டம் கால்வட்டமாகச் சுற்றிவிடும் பொறுமை இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கடைசியாக, பாக்கெட்டின் நிலை. நான் சொன்ன நேரமெல்லாம் நன்றாக உறைந்த பொருளுக்கு. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் சின்ன அறை பல வீடுகளில் மைனஸ் 18-க்குப் போவதே இல்லை. எடுக்கும்போதே பரோட்டா வளைகிறது என்றால் உங்களுடையது அந்த வகை. அதற்கு முதல் இரண்டு திருப்பல்களையும் 30 விநாடியில் செய்யுங்கள், மொத்தம் மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். பாக்கெட்டையும் மாதக்கணக்கில் வைக்காமல் ஒன்றிரண்டு வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

கரண்ட் போய் உருகி மறுபடி உறைந்த பாக்கெட் வேறு விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர்ப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்று கரண்ட் எப்போது வரும் என்று காத்துக் கிடந்தோம். அப்போது பல வீடுகளிலும் கடைகளிலும் ஃப்ரீசர் உருகியது. மழைக்காலத்தில் வாங்கும்போது பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். காய் சலசலவென்று தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இறுகியிருந்தாலோ, பரோட்டா ஓரத்தில் வழிந்து தாளுக்கு வெளியே உறைந்திருந்தாலோ வாங்காதீர்கள். வீட்டிலேயே கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்திருக்கும் நல்ல ஃப்ரீசர் மூடியே இருந்தால் இரண்டு நாள்வரைகூடக் குளிரைத் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஃப்ரிட்ஜின் மேலறை அவ்வளவு தாங்காது. திறந்து பார்க்கும்போது உள்ளே இன்னும் பனித்துகள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், சுவை கொஞ்சம் குறையும். பனி முழுக்கக் கரைந்து, தொட்டால் ஃப்ரிட்ஜ் குளிர்கூட இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் காயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பரோட்டா இளகியிருந்தாலும் ஜில்லென்றே இருந்தால் எல்லாவற்றையும் அன்றைக்கே சுட்டு, ஆற வைத்து, ஃப்ரிட்ஜின் கீழறையில் வையுங்கள். மறுநாள் மிதமான கல்லில் ஒரு பக்கத்துக்கு 40 விநாடி போதும். அல்லது பிய்த்துப் போட்டுக் கொத்திவிடுங்கள், மீந்த காயும் அதிலேயே தீர்ந்துவிடும்.